அடியில் யார் கையெழுத்து? அபிடவிட், நோட்டரி உறுதிமொழி, சுய உறுதிமொழி: எந்த மேசைக்கு எது?

தாலுகா அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் டைப்பிங் சென்டரில் மூன்று தாள்களை வாங்கி அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்று அபிடவிட் எனப்படும் பிரமாணப் பத்திரம். இன்னொன்று நோட்டரி முத்திரை போட்ட உறுதிமொழி. மூன்றாவது வெள்ளைத் தாளில் எழுதிய சுய உறுதிமொழி. மேலிருந்து படித்தால் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும். "இன்ன ஊரில் வசிக்கும் இன்னாரின் மகள் இன்னார் ஆகிய நான்" என்று தொடங்கி, வரிசை எண் போட்டு நாலைந்து பத்திகள் போகும். வித்தியாசம் கடைசி நாலு வரியில்தான் இருக்கிறது.

சுய உறுதிமொழியின் அடியில் ஒரே ஒரு கையெழுத்து. எழுதிக்கொடுத்தவருடையது. "மேலே கூறியவை உண்மை, தவறெனத் தெரியவந்தால் சட்டப்படியான நடவடிக்கைக்கு உட்படுவேன்" என்பதோடு முடிந்துவிடும். நோட்டரி உறுதிமொழியில் இன்னொரு கையெழுத்து சேர்கிறது. இந்தக் கையெழுத்தைப் போட்டவர் இன்னார்தான், என் கண்ணெதிரே போட்டார் என்று நோட்டரி சொல்கிறார். அபிடவிட்டில் அதற்கும் மேலே ஒன்று நடக்கிறது. எழுதிக்கொடுப்பவர் சத்தியம் செய்கிறார், அல்லது கடவுள் பெயர் வேண்டாம் என்பவர் உளமார உறுதி கூறுகிறார். சத்தியம் செய்துவைக்கும் அதிகாரம் உள்ள ஒருவர், "என் முன்னிலையில் இன்ன தேதியில், இன்ன இடத்தில் சத்தியம் செய்து கையெழுத்திட்டார்" என்று எழுதி ஒப்பமிடுகிறார்.

நோட்டரியிடம் போனாலே அது அபிடவிட் ஆகிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1952-ஆம் ஆண்டின் நோட்டரிகள் சட்டம் அவர்களுக்குப் பல வேலைகளைத் தருகிறது. ஓர் ஆவணத்தில் கையெழுத்தானதைச் சரிபார்த்துச் சான்றளிப்பது அவற்றில் ஒன்று. சத்தியம் செய்துவைத்து அபிடவிட் வாங்குவது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே வட்ட முத்திரைதான் என்பதால் பார்க்கிறவருக்கு ஒன்றாகத் தெரிகிறது. அடியில் 'சத்தியம்' என்ற செயல் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்தால்தான் பிரித்தறிய முடியும். நீதிமன்றத்தில் கொடுத்த தாள் திரும்பி வந்தால், முதலில் பார்க்க வேண்டியதும் அதைத்தான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நோட்டரி எந்த நிலையிலும் உள்ளே எழுதியிருப்பது உண்மை என்று சொல்வதில்லை. "என் கணவர் என்னைக் கைவிட்டுவிட்டார்" என்று எழுதியிருந்தால், அது நடந்ததா இல்லையா என்பது அவருக்குத் தெரியாது, தெரிந்திருக்க வேண்டியதும் இல்லை. எழுதியவர் யார், சத்தியம் செய்தாரா என்பது மட்டுமே அவர் பொறுப்பு. முத்திரை பெரிதாக இருக்கிறது என்பதற்காக உண்மையும் பெரிதாகிவிடுவதில்லை. எந்த அலுவலகம் எந்தத் தாளை ஏற்கும் என்பதை முத்திரையின் கனத்தை வைத்துத் தீர்மானிக்கவே முடியாது. அந்த அலுவலகத்தை நடத்தும் சட்டமும் விதியும் எந்தத் தாளைக் கேட்கின்றனவோ, அதைத்தான் அது ஏற்கும்.

ஒரு பெண், நாலு தாள்கள்

இதைத் தனித்தனியாக விளக்குவதைவிட, ஒருவருடைய காகிதங்களோடு கூடவே நடந்து பார்ப்பது நல்லது. தென்காசிப் பக்கம் மலையடிவாரக் கிராமத்தில் ஒரு பெண்ணைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். 2024 மார்ச்சில் அம்மா வீட்டிலேயே குழந்தை பிறந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்குள் வலி வந்துவிட்டது. பிரசவம் ஆஸ்பத்திரியில் நடந்திருந்தால் பிறப்பைப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டியது அங்குள்ள பொறுப்பு மருத்துவர். வீட்டில் பிறந்தால் அது குடும்பத்தின் பொறுப்பு. அந்தச் சமயத்தில் கணவர் வீட்டை விட்டுப் போய்விட்டார். குழப்பத்தில் நாலு மாதம் ஓடிவிட்டது. ஜூலையில்தான் பிறப்புச் சான்றிதழ் ஞாபகம் வருகிறது.

1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி 21 நாளுக்குள் தெரிவித்தால் கட்டணம் இல்லை. 21 நாள் தாண்டி 30 நாளுக்குள் என்றால் தாமதக் கட்டணம் மட்டும். 30 நாளைத் தாண்டி ஓராண்டுக்குள் என்றால் மாவட்டப் பதிவாளர் அல்லது விதியில் குறிப்பிட்ட அதிகாரியின் எழுத்துமூல அனுமதி வேண்டும். ஓராண்டையும் தாண்டிவிட்டால் மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர் அல்லது ஆட்சியர் அதிகாரம் அளித்த நிர்வாக நடுவரின் உத்தரவு வேண்டும்.

நம் பெண் மூன்றாவது படியில் இருக்கிறார். இந்தப் படிக்கு முன்பெல்லாம் நோட்டரி அல்லது மாநில அரசு அதிகாரம் அளித்த வேறோர் அலுவலர் முன்னிலையில் செய்த அபிடவிட்டைச் சட்டமே கேட்டது. பிரிவு 13, உட்பிரிவு 2. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்த வாசகம் இருந்தது. 2023-இல் நாடாளுமன்றம் திருத்தியது. 'நோட்டரி முன்னிலையில் செய்த அபிடவிட்' என்ற சொற்களை எடுத்துவிட்டு, 'சுயமாகச் சான்றொப்பமிட்ட ஆவணம்' என்று போட்டார்கள். 2023 அக்டோபர் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. ஆக, 2024 ஜூலையில் அனுமதி கேட்டுப் போகிற இந்தப் பெண் தன் கையெழுத்திட்ட ஆவணத்தை விதியில் சொன்ன படிவத்தில் கொடுத்தால் போதும். முத்திரைத்தாளும் வேண்டாம், நோட்டரியும் வேண்டாம்.

ஆனால் அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கும் 'தேவையான ஆவணங்கள்' பட்டியல் பழையதாக இருக்கலாம். டைப்பிங் சென்டரில் இருக்கும் வார்ப்பு அதைவிடப் பழையதாக இருக்கும். "அக்கா, லேட் பர்த்துக்கு அபிடவிட்தான் கேப்பாங்க. 200 ரூபா பத்திரத்துல அடிச்சிடலாமா?" என்று அங்கிருக்கும் பையன் நல்லெண்ணத்தோடுதான் கேட்பான். போன வருஷம் வரை கேட்டார்கள் என்பது அவன் அனுபவம்.

அந்த 200 ரூபாய்க்கும் ஒரு கதை உண்டு. இந்திய முத்திரைச் சட்டத்தின் அட்டவணையில் நாலாவது இனம் அபிடவிட். தமிழ்நாட்டில் அதற்கு 20 ரூபாய் முத்திரைத்தாள் போதும் என்று வெகுகாலம் இருந்தது. மாநிலத் திருத்தத்தால் 2024 மே மாதம் முதல் அது 200 ரூபாய் ஆனது. டைப்பிங் கூலியும் நோட்டரி கட்டணமும் சேர்ந்தால், விதியே கேட்காத ஒரு தாளுக்கு ஒரு நாள் கூலி கைவிட்டுப் போகும். நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்ணுக்கு அது பெரிய தொகை. 20 ரூபாயாக இருந்தபோது தேவையில்லாத அபிடவிட் ஒரு சின்ன எரிச்சல். இப்போது அது ஓர் அநியாயம் என்றே நான் சொல்வேன்.

பிறப்புச் சான்றிதழ் கைக்கு வந்தபின் அடுத்த வேலை பாஸ்போர்ட். சிங்கப்பூரில் இருக்கும் அக்கா குழந்தையோடு வந்து போகச் சொல்கிறாள். இங்கே பிறப்புச் சான்றிதழுக்கு ஒரு கூடுதல் கனம் உண்டு. 2025 பிப்ரவரியில் திருத்திய பாஸ்போர்ட் விதிகளின்படி, 2023 அக்டோபர் 1-ஆம் தேதியிலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதிக்கான ஆதாரம் பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான். "என் குழந்தை இன்ன தேதியில் பிறந்தது" என்று எத்தனை அபிடவிட் எடுத்துக்கொண்டு போனாலும் அந்த இடத்தை நிரப்ப முடியாது. சத்தியம் செய்து நிரப்ப முடியாத கட்டங்கள் அரசு ஆவணங்களில் உண்டு என்பதற்கு இது ஒரு சரியான உதாரணம்.

குழந்தையின் பாஸ்போர்ட்டுக்குப் பெற்றோர் இருவரும் சேர்ந்து கொடுக்கும் உறுதிமொழி 'அனெக்சர் டி'. ஒருவரின் சம்மதம் கிடைக்கவில்லை என்றால், விண்ணப்பிக்கிற பெற்றோர் மட்டும் கொடுப்பது 'அனெக்சர் சி'. நம் பெண்ணுக்கு உரியது பின்னது. கணவரின் சம்மதம் ஏன் கிடைக்கவில்லை, குழந்தை யாருடைய பராமரிப்பில் இருக்கிறது என்பதைச் சொல்லிக் கையெழுத்திட வேண்டும். 2016 டிசம்பரில் வெளியுறவு அமைச்சகம் பாஸ்போர்ட் நடைமுறையை எளிதாக்கியது. 15 அனெக்சர்கள் ஒன்பதாகக் குறைந்தன. மிச்சமிருக்கும் எல்லாமே வெள்ளைத் தாளில், விண்ணப்பதாரரின் சுய உறுதிமொழியாகக் கொடுத்தால் போதும், நோட்டரியோ நடுவரோ சான்றளிக்க வேண்டியதில்லை என்றானது. இது வந்து இத்தனை ஆண்டுகள் ஆனபிறகும் பாஸ்போர்ட் சேவை மையத்துக்கு முத்திரைத்தாளோடு போகிறவர்கள் குறையவில்லை. தொலைந்த பாஸ்போர்ட்டுக்கான 'அனெக்சர் எஃப்' கூட வெள்ளைத் தாள்தான்.

வெள்ளைத் தாள்தானே, என்ன எழுதினாலும் ஒன்றும் ஆகாது என்று நினைப்பது ஆபத்து. உதாரணமாக, கணவரோடு சேர்ந்து வாழ்ந்துகொண்டே, அவர் எதிர்ப்புச் சொல்வார் என்பதற்காக, "தொடர்பில் இல்லை" என்று அனெக்சர் சி-யில் ஒருவர் எழுதினால் என்ன ஆகும்? 1967-ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டம் பிரிவு 12, தெரிந்தே பொய்த் தகவல் தந்து பாஸ்போர்ட் வாங்குவதற்கு இரண்டாண்டு வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. பிரிவு 10-இன்படி அந்தப் பாஸ்போர்ட்டையே ரத்து செய்யலாம். பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 236, சட்டப்படி ஆதாரமாக ஏற்கத்தக்க எந்த உறுதிமொழியிலும் பொய் சொன்னால், பொய்ச் சாட்சி சொன்னவருக்கு என்ன தண்டனையோ அதே தண்டனை என்கிறது. சத்தியம் செய்தேனா இல்லையா என்ற கேள்வியே அங்கே எழவில்லை. அரசு சுய உறுதிமொழிக்கு மாறியதன் அடிப்படை இதுதான். முன்கூட்டியே எல்லோரையும் நோட்டரியிடம் அனுப்புவதற்குப் பதிலாக, நம்பி வாங்கிக்கொள்வது, பொய் சொன்னவரைப் பின்னால் பிடிப்பது. நிர்வாகச் சீர்திருத்த ஆணையமும் சுய சான்றளிப்பின் பக்கம் போகச் சொல்லியே பரிந்துரைத்தது.

தமிழ்நாட்டின் இ-சேவை மையத்தில் வருவாய்த் துறைச் சான்றிதழ்கள் பலவற்றுக்கும் இதே வழிதான். கணவனால் கைவிடப்பட்டவர் சான்றிதழோ முதல் பட்டதாரிச் சான்றிதழோ, இணையத்தில் ஏற்ற வேண்டிய ஆவணங்களில் 'விண்ணப்பதாரரின் சுய உறுதிமொழி' என்று ஒன்று இருக்கும். அதை அங்கேயே இருக்கும் படிவத்தில் எழுதிக் கையெழுத்திட்டு ஏற்றினால் போதும். அதன்பிறகு கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரிப்பார்கள். உண்மையைச் சோதிக்கிற வேலை அந்த விசாரணையில் இருக்கிறது. அதனால் தாளில் கூடுதல் முத்திரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் விசாரணை அதேதான்.

நோட்டரிக்கு உரிய இடம்

இதே பெண்ணுக்கு மூன்றாவதாக ஒரு தாள் தேவைப்படுகிறது. அப்பா அவர் பெயரில் போட்டுவைத்த வைப்புநிதி வங்கியில் இருக்கிறது. வங்கிக் கணக்கில் 'முத்துலெட்சுமி'. ஆதாரில் 'முத்துலட்சுமி'. பழைய ரேஷன் அட்டையில் இனிஷியல் வேறு. "இந்த மூன்று பெயரும் ஒரே ஆளைக் குறிப்பவை என்று நோட்டரி வாங்கி வாங்க" என்கிறார் மேலாளர்.

இந்தக் கோரிக்கையை நான் குறை சொல்ல மாட்டேன். வங்கி தன் பணப் பொறுப்பைப் பார்க்கிறது. நாளை வேறொருவர் வந்து "நான்தான் அந்த லெட்சுமி" என்றால், தாளில் கையெழுத்திட்டவர் யார் என்று சொல்ல ஒரு மூன்றாம் ஆள் வேண்டும். நோட்டரி உறுதிமொழி சரியாகப் பொருந்தும் இடம் இது. நோட்டரியின் முத்திரையை நீதிமன்றம் தனியாக நிரூபிக்கச் சொல்லாமலே கவனத்தில் எடுத்துக்கொள்ளும் என்று சாட்சியச் சட்டம் சொல்கிறது. நோட்டரி முன் எழுதி அவர் சான்றளித்த அதிகாரப் பத்திரத்துக்கும் அப்படியே எழுதப்பட்டதாக ஓர் அனுமானம் உண்டு. வங்கிக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கும் இந்த அனுமானம்தான் தேவை.

ஆனால் இந்தத் தாளின் எல்லையும் அதுவே. 'இருவரும் ஒருவரே' என்று எழுதி வாங்குவதால் பெயர் திருந்திவிடாது. அடுத்த வங்கி மறுபடி கேட்கும், அதற்கடுத்த அலுவலகம் மறுபடி கேட்கும். முதல் தாளை வைத்துப் பணத்தை வாங்கியதும், அதே கையோடு ஆதாரையும் கணக்கையும் ஒரே எழுத்தாக்கிவிடுவதே வழி. பெயரையே மாற்றுகிறவர் என்றால் அரசிதழில் வெளியிட வேண்டும். அந்த வேலையை எந்த நோட்டரியும் செய்ய முடியாது.

நோட்டரி முத்திரையை நம்பி மக்கள் இழக்கிற பெரிய விஷயங்கள் வேறு. நிலத்தை நோட்டரித் தாளில் 'விற்று' வாங்கியவர்கள் இருக்கிறார்கள். சார்பதிவாளரிடம் பதியாத அந்தத் தாள் உரிமையைக் கைமாற்றாது. நோட்டரி முன்னிலையில் கல்யாணம் செய்துகொண்டோம், பிரிந்துவிட்டோம் என்று தாள் வைத்திருப்பவர்களும் உண்டு. நோட்டரிகள் திருமண அலுவலர்கள் அல்ல, திருமணச் சான்றோ விவாகரத்துப் பத்திரமோ கொடுக்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை என்று மத்திய சட்ட அமைச்சகம் 2024 அக்டோபரில் எழுத்திலேயே எச்சரித்தது. அப்படிப்பட்ட தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஜீவனாம்சம் கேட்டு வருகிற பெண்ணுக்கு, திருமணத்தை நிரூபிப்பதே முதல் போராட்டமாகிவிடுகிறது.

நோட்டரி தாளைக் கையில் வாங்கியதும் சில விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். வட்ட முத்திரையில் நோட்டரியின் பெயர், அவர் அதிகார எல்லை, பதிவு எண் தெரிய வேண்டும். அவர் வைத்திருக்கும் பதிவேட்டின் வரிசை எண்ணும் தேதியும் தாளில் இருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டில் உங்கள் கையெழுத்தையும் வாங்கியிருக்க வேண்டும். "நீங்க வர வேண்டாம், கையெழுத்துப் போட்டுக் குடுத்து விடுங்க" என்று யாராவது சொன்னால், அந்தத் தாளின் உயிரே போய்விட்டது என்று பொருள். முன்னிலையில் கையெழுத்தானது என்பதற்குத்தானே முத்திரை? அதேபோல முத்திரைத்தாள் வாங்கிய தேதி, கையெழுத்திட்ட தேதிக்குப் பிந்தியதாக இருக்கக் கூடாது. அப்படி இருந்தால் பின்னால் எழுதி முன்தேதி போட்ட தாள் என்று எதிர்த்தரப்பு ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடும். ஆறு மாதம் பழையது என்பதால் முத்திரைத்தாளை ஒதுக்க வேண்டியதில்லை. ஆறு மாதக் கெடு என்பது பயன்படுத்தாத தாளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்குவதற்குத்தான், எழுதுவதற்கு அல்ல என்று தமிழ்நாட்டிலிருந்து போன திருவேங்கடம் பிள்ளை வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

சத்தியம் கட்டாயமாகும் இடம்

கடைசியாக இந்தப் பெண் ஜீவனாம்சம் கேட்டுக் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்துக்குப் போகிறார். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 144. முன்பு 125 என்று எல்லோருக்கும் பழகிய பிரிவு. இங்கே வெள்ளைத் தாளுக்கு இடமே இல்லை. 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஜீவனாம்ச வழக்குகளில் கணவன் மனைவி இருவருமே சொத்து, கடன் விவர அபிடவிட் தாக்கல் செய்ய வேண்டும் என்று நாடு முழுவதற்கும் உத்தரவிட்டது. அதற்குப் படிவங்களையும் தீர்ப்போடு இணைத்துத் தந்தது. விவசாயத்தை நம்பி வாழும் கிராமத்தாருக்கு என்று தனிப் படிவம் இருக்கிறது. மாதச் செலவு, குழந்தையின் செலவு, நிலம், நகை, கடன், கணவரின் வருமானம் பற்றித் தனக்குத் தெரிந்தவை எல்லாம் அதில் வரும். கணவர் அதிகபட்சம் நாலு வாரத்துக்குள் பதிலோடு தன் அபிடவிட்டையும் தர வேண்டும்.

ஏன் இங்கே சத்தியம் கட்டாயம்? இடைக்கால ஜீவனாம்சம் எவ்வளவு என்று நடுவர் முடிவெடுக்கும்போது சாட்சிக் கூண்டில் யாரும் ஏறியிருக்க மாட்டார்கள். இரண்டு அபிடவிட்களை எதிரெதிரே வைத்துத்தான் தொகை தீர்மானமாகும். கூண்டில் நின்று சொல்ல வேண்டியதைத் தாளில் சொல்வதால், கூண்டில் செய்கிற சத்தியமும் தாளிலேயே வர வேண்டியிருக்கிறது. பொய் சொன்னால் விளைவும் அதற்கேற்றதுதான். நீதிமன்ற நடவடிக்கையில் பொய்ச் சாட்சிக்கு ஏழு ஆண்டு வரை சிறை. மற்ற இடங்களில் மூன்று ஆண்டு வரை. ஆனால் எதிர்த்தரப்பு நேரே வழக்குப் போட முடியாது. மனுச் செய்தால், நீதிமன்றமே விசாரித்துப் புகார் கொடுக்க வேண்டும். அதனால்தான் சம்பளத்தை மறைத்துச் சத்தியம் செய்கிற கணவன்மார்கள் பலர் தப்பித்துக்கொள்கிறார்கள். மறைத்ததைக் காட்டும் வங்கிக் கணக்குப் பட்டியலோ சம்பளச் சீட்டோ கையில் இருந்தால், உடனே அந்த மனுவைப் போடும்படி வழக்கறிஞரிடம் வற்புறுத்துங்கள்.

நீதிமன்ற அபிடவிட்டில் அடிக்கடி நடக்கும் தவறு உள்ளடக்கத்தில் இருப்பதில்லை, கடைசிப் பத்தியில் இருக்கிறது. "மேலே சொன்னவை எல்லாம் எனக்குத் தெரிந்தவரையும் நான் நம்பியவரையும் உண்மை" என்று மொத்தமாக எழுதி முடிப்பார்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 19, அபிடவிட்டில் சொல்பவர் தாமே நேரடியாக அறிந்த விஷயங்கள்தான் இருக்க வேண்டும் என்கிறது. இடைக்கால மனுக்களில் மட்டும் நம்பிக்கையாகச் சொல்லலாம். அப்போதும் எதனால் நம்புகிறேன் என்று காரணம் எழுத வேண்டும். "ஒன்று முதல் ஆறு வரையான பத்திகள் நான் நேரில் அறிந்தவை. ஏழாவது பத்தி என் மைத்துனர் சொல்லி அறிந்தது" என்று பிரித்து எழுதுவதே முறை. உச்ச நீதிமன்றம் ஏ.கே.கே. நம்பியார் வழக்கில், இப்படிப் பிரித்துச் சரிபார்ப்பு எழுதாத அபிடவிட்டின் குற்றச்சாட்டுகளைக் கணக்கில் எடுக்கவே மறுத்துவிட்டது. நம் பெண்ணின் விஷயத்தில், கணவர் திருப்பூரில் மாதம் 30,000 ரூபாய் சம்பாதிக்கிறார் என்று பக்கத்து வீட்டார் சொல்லக் கேட்டிருந்தால், அதை அப்படியே எழுத வேண்டும். நேரில் தெரியும் என்று எழுதினால் குறுக்கு விசாரணையில் அந்த ஒரு வரி மற்ற உண்மைகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

படிக்கத் தெரியாதவர் என்றால், தாளை அவருக்குப் புரியும் மொழியில் படித்துக் காட்டி, புரிந்துகொண்டு கைநாட்டு வைத்தார் என்ற குறிப்பு அடியில் வர வேண்டும். ஆங்கிலத்தில் அடித்த அபிடவிட்டில் தமிழில் கையெழுத்துப் போடுகிறவர்களுக்கும் இது பொருந்தும். இந்தக் குறிப்பு இல்லாமல் போய், "அதில் என்ன எழுதியிருந்தது என்றே எனக்குத் தெரியாது" என்று பிற்பாடு தவிக்கிற பெண்கள் ஏராளம்.

செலவிலும் ஒரு நியாயம் இருக்கிறது. முத்திரைச் சட்டத்தின் அதே நாலாவது இனத்தில் விதிவிலக்குகளும் உண்டு. நீதிமன்றத்தில் உடனடியாகத் தாக்கல் செய்யவென்றே எழுதும் அபிடவிட்டுக்கு முத்திரைத் தீர்வை கிடையாது. ஓய்வூதியமோ தர்ம உதவித்தொகையோ வாங்குவதற்கு மட்டும் எழுதும் அபிடவிட்டுக்கும் கிடையாது. சட்டம் உண்மையிலேயே சத்தியம் கேட்கிற இந்த இடங்களில் வெறும் பச்சைத் தாளே போதும். சத்தியம் செய்துவைக்க நோட்டரிதான் வேண்டும் என்பதும் இல்லை. நடுவரோ, உயர் நீதிமன்றம் நியமித்த அலுவலரோ செய்துவைக்கலாம். நம் நீதிமன்றங்களில் வழக்கை நடத்தாத வேறொரு வழக்கறிஞர் முன்னிலையில் செய்வதும் வழக்கத்தில் இருக்கிறது. 200 ரூபாய் பத்திரம் வாங்கச் சொன்னால், எந்த நீதிமன்றத்துக்கு என்று திருப்பிக் கேளுங்கள்.

கவுன்ட்டரில் மறுத்தால்

சரியான தாளோடு போயும் "இது செல்லாதும்மா, அபிடவிட் கொண்டாங்க" என்று பதில் வந்தால் என்ன செய்வது? சண்டை போட்டுப் பயனில்லை. அங்கே இருப்பவர் மேலிடத்தின் தணிக்கைக்குப் பயந்து பழைய பட்டியலைப் பிடித்துக்கொண்டிருப்பவர்தான். அவருக்கு வேண்டியது ஒரு பிடிமானம். "எந்த விதியில அபிடவிட் கேட்டிருக்குன்னு இந்த விண்ணப்பத்து மேலயே எழுதிக் குடுங்க சார், அதைக் கொண்டுவந்து தர்றேன்" என்று நிதானமாகக் கேளுங்கள். பிறப்புப் பதிவு என்றால் பிரிவு 13-இன் திருத்திய வாசகத்தை அச்செடுத்து, விண்ணப்பத்தோடு பின்னடித்துக் கொடுங்கள். பாஸ்போர்ட் என்றால் அனெக்சர் படிவத்தையே காட்டலாம், அதில் நோட்டரிக்கென்று இடமே விட்டிருக்க மாட்டார்கள். படிவத்தின் அடியில் 'முன்னிலையில்' என்று ஒரு வரி அச்சாகியிருக்கிறதா என்று பார்ப்பது எந்த அலுவலகத்திலும் உதவும். அப்படி வரி இருந்தால் இன்னொருவர் ஒப்பம் வேண்டும், யாருடைய ஒப்பம் என்பதும் பெரும்பாலும் அங்கேயே எழுதியிருக்கும். வரி இல்லாவிட்டால் உங்கள் கையெழுத்தே போதும் என்றுதான் அந்தப் படிவத்தை வகுத்தவர்கள் நினைத்திருக்கிறார்கள்.

எழுதித் தர மறுத்தால், விண்ணப்பத்தைத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பலாம். மாநில அரசு அலுவலகம் என்றால் முதல்வரின் உதவி மையம் 1100 எண்ணில் புகாரைப் பதியலாம். புகாரில் "அலைக்கழிக்கிறார்கள்" என்று மட்டும் சொன்னால் வேலை நகராது. இன்ன சட்டத்தின் இன்ன பிரிவு சுயச் சான்றொப்பம் போதும் என்கிறது, இன்ன தேதியில் கொடுத்தேன், அபிடவிட் கேட்டுத் திருப்பினார்கள் என்று மூன்று விவரங்களையும் சொல்லுங்கள். அந்த மூன்றும் இருந்தால், பதில் எழுத வேண்டியவர் சட்டப் பிரிவைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

எல்லாச் சமயத்திலும் வாதாடத்தான் வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. பள்ளிச் சேர்க்கைக்கு நாளை கடைசி நாள் என்றால், கேட்ட அபிடவிட்டைக் கொடுத்துக் காரியத்தை முடித்துக்கொள்வதில் தவறில்லை. சுய உறுதிமொழி போதும் என்ற இடத்தில் அபிடவிட் கொடுத்தால் பணம்தான் வீண், தாள் செல்லும். இதற்கு நேர்மாறாகச் செய்தால் தாளே செல்லாது. தேர்தலில் நிற்கிற வேட்பாளர் படிவம் 26-ஐச் சத்தியம் செய்யாமல் கொடுத்தால் வேட்புமனு நிற்காது. ஜீவனாம்ச வழக்கில் சொத்து விவரத்தை வெறும் தாளில் எழுதிக் கொடுத்தால் மறுபடி தாக்கல் செய்யச் சொல்லி வாய்தா விழும். அந்த வாய்தாவின் விலையை, இடைக்காலத் தொகைக்காகக் காத்திருக்கிற அந்தப் பெண்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.